மூன்று குவளை, ஒரே சீனித்தண்ணீர்: மேசைக்குப் பின்னால் ஒரு எட்டிப்பார்ப்பு

வத்தளையில் ஒரு டியூஷன் வீட்டின் முன் விறாந்தை. மேசையில் மூன்று கண்ணாடிக் குவளைகள். மூன்றிலும் ஒரே உயரத்துக்குச் சீனித்தண்ணீர். மூன்றும் கண்ணாடிபோலத் தெளிவு, அடியில் ஒரு மணி சீனிகூட இல்லை. ஒன்று நிரம்பாத கரைசல், ஒன்று நிரம்பிய கரைசல், மற்றது மிகைநிரம்பிய கரைசல். எது எது என்று சொல்லுங்கள் பார்ப்போம்! நாளைக் காலை அயல் வீட்டு அம்மாமார், அப்பாமார், பத்தாம் வகுப்பு, பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் வந்து இந்தக் கேள்விக்கு முன்னால் நின்று தலையைச் சொறியப் போகிறார்கள். இன்றிரவு நமக்கோ குசினிப் பக்கம் போக அனுமதி கிடைத்திருக்கிறது. விடுவோமா!

முதலில் ஒரு இரகசியம். பார்த்துச் சொல்ல முடியாது. சுவைத்தும் சொல்ல முடியாது, மூன்றும் தொண்டையை அடைக்கும் இனிப்பு. ஆட்டிப் பார்த்தால் மூன்றாவது கொஞ்சம் கூடுதலாகத் தடித்திருப்பது தெரியும். ஆனால் தடிப்பு என்பது எவ்வளவு சீனி இருக்கிறது என்பதற்கான சாட்சியே ஒழிய, இன்னும் இடம் இருக்கிறதா என்பதற்கான சாட்சி அல்ல. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடிய ஒரே நீதவான் இன்னொரு சீனிப் பளிங்குதான். அதை உள்ளே போட்டால் கரைந்து சிறுத்தால் நிரம்பாதது. போட்டபடியே கிடந்தால் நிரம்பியது. வளர்ந்தால் மிகைநிரம்பியது. பரிசோதனை இவ்வளவுதான். ஒரு வரியில் முடிந்துவிட்டது என்று எழும்பிப் போய்விடாதீர்கள். அந்த ஒரு வரி ஒழுங்காக நடக்க வேண்டுமென்றால் பின்பக்கம் என்னென்ன கூத்து நடக்கிறது என்பதுதான் கதை.

குசினியில் டீச்சரும் நாலைந்து பிள்ளைகளும். சின்னத் தராசு ஒன்று, சோஸ்பான் ஒன்று, மூடியுள்ள ஜாம் போத்தல்கள், வெப்பமானி, வெள்ளைச் சீனி. சிவப்புச் சீனியை டீச்சர் கிட்டவும் சேர்ப்பதில்லை. அதில் ஒட்டியிருக்கும் பாகு நிறத்தைக் காட்டிக்கொடுக்கும், பளிங்கு வளர்வதையும் குழப்பும். தராசின் மேல் போத்தலை வைத்து ஒவ்வொன்றிலும் 50 கிராம் தண்ணீர். முதல் போத்தலில் 75 கிராம் சீனி. இரண்டாவதில் 120 கிராம். மூன்றாவதுக்கு உரிய 140 கிராம் இப்போதைக்குத் தனியே சோஸ்பானுக்குப் பக்கத்தில் காத்திருக்கிறது.

"டீச்சர், ஐம்பது கிராம் தண்ணிக்குள்ள நூற்றிருபது கிராம் சீனியா? நிரம்பி வழியாதா?"

"வழியாது மகள். ஊத்திப் பாருங்க."

வழியவில்லை! சீனியின் இந்தப் பேராசையை நேரில் பார்க்காதவர்கள் நம்ப மாட்டார்கள். தண்ணீர் தன் எடையைப்போல இரண்டு மடங்குக்கு மேல் சீனியை விழுங்கும். வத்தளை குசினியின் வெப்பம் 30 பாகை செல்சியஸ் என்று வையுங்கள். அந்த வெப்பத்தில் 100 கிராம் தண்ணீர் ஏறத்தாழ 215 கிராம் சீனியைக் கரைத்து வைத்துக்கொள்ளும். அப்படியென்றால் நம் 50 கிராம் தண்ணீரின் கொள்ளளவு கிட்டத்தட்ட 107 கிராம். சாப்பாட்டு உப்பு இதன் கிட்டேயும் வராது, 100 கிராம் தண்ணீருக்கு 36 கிராம் அளவில் போதும் என்று கையை விரித்துவிடும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். முதல் போத்தலில் இருப்பது 75 கிராம், இன்னும் 32 கிராமுக்கு இடம் இருக்கிறது. அது நிரம்பாத கரைசல். மூன்றாவதில் இருக்கப்போவது 140 கிராம், கொள்ளளவைவிட 33 கிராம் அதிகம். அது மிகைநிரம்பியது. நடுவில் நிற்கும் இரண்டாவதுதான் உண்மையில் தலையிடி தருவது. அதை முதலில் முடித்துவிடுவோம்.

சரியாக 107 கிராம் நிறுத்துப் போட்டால் நிரம்பிய கரைசல் வந்துவிடாதா என்று கேட்கத் தோன்றும். வராது. தராசு ஒரு கிராம் பிசகும், தண்ணீர் இரண்டு துளி கூடும், குசினி அரைப் பாகை குளிரும். அதற்குள் அது நிரம்பாததாகவோ மிகைநிரம்பியதாகவோ நழுவிவிடும். அதனால் டீச்சர் அளந்து பிடிப்பதில்லை. வேண்டுமென்றே 13 கிராம் அதிகமாகப் போடுகிறார். போத்தலை இறுக மூடிக் குலுக்குகிறார்கள். வைக்கிறார்கள். மறுபடி குலுக்குகிறார்கள். போகிறவர் வருகிறவர் எல்லாரும் ஒரு தடவை குலுக்கிவிட்டுப் போக வேண்டும் என்பது இந்த வீட்டுச் சட்டம். இடியப்பம் பிழிந்துகொண்டிருந்த மாமிகூட தப்பவில்லை! அடியில் சீனி மிஞ்சிக் கிடக்கிறவரை, மேலே உள்ள பாகில் இடம் இருந்தால் அந்தச் சீனி போய் நிரப்பும். மிகுதியாக இருந்தால் அந்தச் சீனியின் மேலேயே வந்து படியும். இரவு முழுக்கக் குலுக்கிக் குலுக்கி வைத்தால் விடியும்போது அந்தப் பாகு தானாகவே சரியான அளவில் வந்து நிற்கும். பிறகு அடிமண்டியை அசைக்காமல் மேலே உள்ளதை மட்டும் மெதுவாகக் குவளைக்குள் சரிக்க வேண்டும். அடியில் சீனி கிடந்த சாட்சியம் போத்தலோடு நின்றுவிடும், மேசைக்கு வருவது தெளிந்த பாகு மட்டுமே.

இங்கே பிள்ளைகள் பரீட்சையில் வழக்கமாக வழுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. குவளையின் அடியில் சீனி தெரிந்தால் உடனே "நிரம்பிய கரைசல்" என்று எழுதிவிடுவது. பிளேன்டியில் மூன்று கரண்டி சீனி போட்டுக் கலக்காமல் குடித்தால் அடியில் சீனி கிடக்கத்தானே செய்கிறது? அதனால் அந்தத் தேநீர் நிரம்பியதாகிவிடுமா! போதிய அளவு கலக்கி, போதிய நேரம் விட்டு, அதற்குப் பிறகும் கரையாமல் மிஞ்சினால்தான் அது சாட்சி. சீனிப்பாகில் இந்தப் போதிய நேரம் என்பது நீளம், ஏனென்றால் நிரம்பிய சீனிப்பாகு தண்ணீரைவிட நூறு மடங்குக்கு மேல் தடிப்பு. பளிங்கின் பக்கத்தில் கரைந்த சீனி அங்கேயே போர்வைபோலச் சூழ்ந்து நிற்கும், எட்டிப் போகாது.

இனி மூன்றாவது குவளை. இதுதான் நாயகன், இதற்கென்று பின்பக்கத்தில் ஒரு சடங்கே நடக்கிறது.

50 கிராம் தண்ணீரும் 140 கிராம் சீனியும் சோஸ்பானுக்குள் போகின்றன. அடுப்பு மெல்லிய தீ. இந்த அளவு சீனி முழுதாகக் கரைய 60 பாகை அளவு வெப்பம் வேண்டும். டீச்சர் 75 வரை கொண்டுபோகிறார். மேலே ஏன் போகவேண்டும் என்றால், கண்ணுக்குத் தெரியாத ஒரு துணுக்குப் பளிங்கு எங்கேனும் ஒளிந்திருந்தாலும் அதையும் கரைத்துவிடத்தான். பாகு தெளிந்ததும் ஒரு தந்திரம், இதைப் பார்த்து நான் கையைத் தட்டாத குறை! சட்டியை ஒரு நிமிடம் மூடிவைக்கிறார். ஆவி மூடியில் பட்டுத் தண்ணீராகிச் சட்டியின் சுவர் வழியாக வடிந்து, பக்கத்தில் தெறித்து ஒட்டியிருந்த சீனி மணிகளைக் கழுவி உள்ளே தள்ளிவிடுகிறது. சுவரில் ஒரு மணி மிஞ்சியிருந்தால்கூட ஊற்றும்போது அது உள்ளே விழுந்து நாளைய நாடகத்தை இன்றைக்கே முடித்துவிடும்.

அடுப்பால் இறக்கியதும் எடை பார்க்கிறார்கள். 190 கிராம் இருக்க வேண்டும். ஆவியாகிப் போனதைக் கொதித்து ஆறிய தண்ணீர் துளித்துளியாக விட்டு ஈடுகட்டுகிறார்கள். இந்தப் படியை விட்டால் கணக்கு உதைக்கும். அடுப்பில் 5 கிராம் தண்ணீர் போனால் அது வைத்திருந்த பத்துப் பதினொரு கிராம் சீனியும் வீடில்லாமல் நிற்கும். பாகு தேவைக்கு மேல் மிகைநிரம்பி, இரவிலேயே தானாக உறைந்து, காலையில் குவளைக்குப் பதிலாக வெள்ளைக் கட்டி ஒன்றைத்தான் காட்ட வேண்டிவரும். (சுடுபாகு விஷயத்தில் டீச்சர் கண்டிப்பு: அடுப்புப் பக்கம் பெரியவர்கள் மட்டும். கொதிநீர் பட்டால் வழிந்து ஓடும், பாகு பட்டால் தோலில் ஒட்டி நின்று சுடும்.)

பிறகு, சுடுநீரில் கழுவித் துடைக்காமல் காயவிட்ட குவளைக்குள் பாகு மெல்ல இறங்குகிறது. துடைத்தால் துணியின் நூல்தூசி ஒட்டும் என்பதால் துடைப்பதே இல்லை. மேலே ஒரு தட்டு மூடி. குலுக்கக்கூடாது, கரண்டி விடக்கூடாது, எட்டிப் பார்த்துத் தும்மக்கூடாது. நிரம்பிய போத்தலை எல்லாரும் குலுக்க வேண்டும், இந்தக் குவளையை யாரும் தொடவே கூடாது. ஒரே மேசையில் இரண்டு சட்டம்!

மெல்ல ஆறி 30 பாகைக்கு வருகிறது பாகு. கொள்ளளவு 107 கிராமுக்குச் சுருங்கிவிட்டது. உள்ளே இருப்பது 140. மிகுதி 33 கிராமும் வெளியே வந்திருக்க வேண்டும், ஆனால் வரவில்லை. ஏன்? சீனி மூலக்கூறுகள் பளிங்காகச் சேரவேண்டுமென்றால் முதலில் ஒரு சிறு கூட்டம் சரியான ஒழுங்கில் ஒன்றுகூடி நிற்க வேண்டும். மிகச் சிறிய கூட்டம் சேர்ந்த வேகத்திலேயே கலைந்துவிடும். கல்யாண வீட்டுப் பந்தியில் இலை போட்டு வைத்திருந்தாலும் முதல் ஆள் உட்காரும்வரை எல்லாரும் சுவரோரம் நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்களே, அதேதான். ஒரு கற்கண்டுத் துண்டு உள்ளே போவது அந்த முதல் ஆள் போய் உட்காருவது.

இப்படி நிற்கும் கரைசல்களை வேதியியலாளர்கள் இன்று நேற்றுப் பார்க்கவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் சென் பீட்டர்ஸ்பேர்க்கில் மருந்தாளராக இருந்த தொபியாஸ் லோவிட்ஸ் இதைக் கவனித்து, ஒரு சிறு பளிங்கை விதையாகப் போட்டால் முழுக் கரைசலும் விழித்துக்கொள்ளும் என்பதையும் கண்டார். நூறு வருடம் கழித்து, 1897 இல், வில்ஹெல்ம் ஒஸ்ட்வால்ட் இன்னொரு விஷயத்தைத் தெளிவாக்கினார். மிகைநிரம்பியவற்றிலும் இரண்டு சாதி உண்டு. கொஞ்சம் மட்டும் மிகுதி என்றால் விதை விழும்வரை பொறுத்திருக்கும். மிகுதி எல்லை தாண்டினால் விதை இல்லாமலே தானாகப் பொரிந்துவிடும். சீனி ஆலைக்காரர்கள் இதை ஒரு எளிய பின்னமாக வைத்திருக்கிறார்கள். கரைந்திருக்கும் சீனியை அந்த வெப்பத்தின் கொள்ளளவால் வகுக்க வேண்டும். விடை 1 என்றால் நிரம்பியது. 1 முதல் 1.2 வரை அமைதிப் பிரதேசம். ஏற்கனவே உள்ள பளிங்கு வளரும், புதிது பிறக்காது. 1.3 ஐத் தாண்டினால் புதுப் பளிங்குகள் தாமாகவே பிறக்கத் தொடங்கும். நம் நாயகன் 140 வகுத்தல் 107, அதாவது 1.3. விளிம்பில் நிற்கிறான்! அதனால்தான் இத்தனை தூசி பயம். பயமில்லாமல் செய்ய விரும்புகிறவர்கள் 140 க்குப் பதில் 128 கிராம் போடுங்கள், 1.2 இல் சமர்த்தாக இருக்கும். வளர்ச்சி மட்டும் இன்னும் மந்தமாகும்.

அடுத்தது நீதவான். வெறும் சீனி மணியைப் போட்டாலும் பரிசோதனை நடக்கும், ஆனால் கூட்டத்துக்குத் தெரிய வேண்டாமா? பூசைச் சாமான் கடையில் வாங்கிய கட்டிக் கற்கண்டிலிருந்து இரண்டு கிராம் அளவில், முகங்கள் மினுங்குகிற துண்டுகளாகப் பார்த்து மூன்று எடுத்திருக்கிறார்கள். அந்தக் கட்டிக்குள்ளே ஒரு நூல் ஓடுவதைக் கவனித்திருக்கிறீர்களா? பஞ்சாமிர்தத்துக்குப் போடும்போது பல்லில் அகப்படும் அதே நூல்தான். கற்கண்டு பிறந்ததே மிகைநிரம்பிய பாகுக்குள் தொங்கவிட்ட நூலில். யாழ்ப்பாணத்திலும் தூத்துக்குடிப் பக்கத்திலும் பனங்கற்கண்டு செய்கிறவர்கள் காய்ச்சிய பதநீர்ப் பாகை நூல் கட்டிய பாத்திரத்தில் ஊற்றி, ஒரு மாதத்துக்கு மேல் அசைக்காமல் வைப்பதும் இதே காரியம்தான். ஆக, மிகைநிரம்பிய கரைசலின் பிள்ளையையே கொண்டுவந்து அதைச் சோதிக்க நிறுத்துகிறோம்.

துண்டில் ஒட்டியிருக்கும் சீனித் தூள் ஒரு தொல்லை. அது மூன்றாவது குவளைக்குள் உதிர்ந்தால் நூறு விதை ஒன்றாகப் போன கணக்கு. அதனால் நூலில் கட்டிய துண்டைத் தண்ணீரில் ஒரு நொடி அமிழ்த்தி எடுத்து, காகிதக் கைக்குட்டையில் ஒற்றி, காயவிடுகிறார்கள். மேலே ஒரு ஈர்க்குச்சியில் நூலைச் சுற்றி, துண்டு குவளையின் நடுவே தொங்கும்படி வைக்க வேண்டும். அடியில் போடுவதைவிடத் தொங்கவிடுவது ஏன் மேல் என்பது இப்போது வரும்.

விளக்கை அணைத்துவிட்டுக் கைத்தொலைபேசி டோர்ச்சை முதல் குவளைக்குப் பின்னால் பிடிக்கிறாள் ஒரு பிள்ளை. ஐயோ, அந்தக் காட்சி! கற்கண்டிலிருந்து கண்ணாடி நூல்போல ஒன்று நெளிந்து நெளிந்து கீழே இறங்குகிறது. சுற்றியுள்ள பாகைவிட, கற்கண்டை ஒட்டியுள்ள பாகில் சீனி அதிகம். சீனி அதிகமானால் கனம் அதிகம், கனமானது கீழே இறங்குகிறது. ஒளி அதில் வளைவதால் நமக்கு அந்த இழை தெரிகிறது. இழை கீழ்நோக்கி ஓடினால் துண்டு கரைகிறது என்று பொருள். எடையும் வேண்டாம், மணிக்கணக்கில் காத்திருப்பும் வேண்டாம், சில நிமிடத்தில் தீர்ப்பு வந்துவிடும்: நிரம்பாத கரைசல்.

இரண்டாவது குவளையில் இழையே இல்லை. எவ்வளவு நேரம் பிடித்தாலும் இல்லை.

மூன்றாவதில் நடக்க வேண்டியது தலைகீழ். பளிங்கு தன்னைச் சுற்றியுள்ள சீனியை இழுத்து வளர்வதால் பக்கத்துப் பாகு இலேசாகி மேலே எழ வேண்டும். எழும்தான், ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: பாகு அவ்வளவு தடிப்பு, 30 பாகையில் சீனி அவ்வளவு சோம்பேறி; அந்த மேலிழை மங்கலாக, மிக மெதுவாகத்தான் வரும். கூர்ந்து பார்க்கிற கண் பிடித்துவிடும், எல்லாக் கண்ணும் பிடிக்காது. இதை நம்பி மூன்றாவது குவளைக்குத் தீர்ப்பு எழுத வேண்டாம். துண்டை ஒரு இரவும் ஒரு பகலும் தொங்கவிட்டுவிட்டு வாருங்கள். முகங்கள் தடித்து மினுங்கும், மூலைகள் கூர்மையாக எழும்பும், பக்கத்தில் புதிதாகச் சில குட்டிப் பளிங்குகள் ஒட்டியிருக்கும், குவளையின் அடியிலும் சில பிறந்திருக்கும். அதனால்தான் டீச்சர் வீட்டில் மூன்றாவது குவளை இரண்டாக இருக்கிறது! ஒன்று முந்தாநாளே விதை போட்டு வளர்த்தது, நாளை விருந்தினருக்குக் காட்ட. மற்றது அவர்கள் கண் முன்னால் விதை போடுவதற்கு. சமையல் நிகழ்ச்சியில் "இதோ முன்னமே செய்து வைத்தது" என்று அடுப்புக்குக் கீழிருந்து எடுப்பார்களே, நம்மாட்களும் சளைத்தவர்கள் அல்ல.

தராசில் நிறுத்துக் காட்டலாமே என்று ஒரு தம்பி கேட்டான். நல்ல கேள்வி, ஆனால் பொறி இருக்கிறது. பாகுக்குள்ளிருந்து எடுத்த துண்டின் மேல் ஒரு மெல்லிய பாகுப் படலம் ஒட்டிக்கொண்டு வரும், அதுவே எடையைக் கூட்டிக் காட்டும். நிரம்பிய கரைசலில் இருந்த துண்டும் வளர்ந்ததுபோலத் தோன்றும். கழுவினாலோ துண்டே கரையும். ஆகையால் எடையைவிட மூலைகளைப் பார்ப்பது நம்பகம். மூலை மழுங்கினால் கரைந்தது. மூலை அப்படியே என்றால் சமநிலை. மூலை கூர்ந்து புது முகம் வந்தால் வளர்ந்தது. போடுவதற்கு முன் ஒரு படம், பிறகு ஒரு படம், பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாருக்கும் புரியும்.

இப்போது அந்த நடுக்குவளைக்குத் திரும்புவோம், ஏனென்றால் அதுதான் மேடையில் கவிழ்க்கக்கூடியது. இரவில் 28 பாகையில் நிரம்பி நின்ற பாகு, காலையில் விறாந்தையில் வெயிலேறி 30 பாகைக்கு வருகிறது என்று வையுங்கள். இந்த வெப்ப அளவில் ஒரு பாகை ஏறினால் 100 கிராம் தண்ணீரின் கொள்ளளவு ஒன்றரைக் கிராம் அளவில் கூடும். குவளைக்குள் நாம் சரித்த பாகில் தண்ணீர் 40 கிராம் என்றால் ஒரு பாகைக்கு 0.6 கிராம், இரண்டு பாகைக்கு 1.2 கிராம். நாம் தொங்கவிட்ட துண்டே 2 கிராம்தானே! அது மெல்ல மெல்லப் பாதிக்கு மேல் கரைந்து, நூலில் சிறு மிச்சம் மட்டும் தொங்கும். பார்த்தவர்கள் "இது நிரம்பாதது" என்பார்கள், அவர்கள் சொல்வதும் சரியாகவே இருக்கும், ஏனென்றால் அந்த வெப்பத்தில் அது நிரம்பாததாகிவிட்டது. ஆகவே குவளைகளை வெயில் படாத மூலையில், குலுக்கிவைத்த அதே அறையில், அதே வெப்பத்தில் வைக்க வேண்டும்.

வத்தளைக்கே உரிய இன்னொரு வில்லங்கம், காற்றின் ஈரம். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் முத்துராஜவெல சதுப்பு, கீழே களனி கங்கை. நிரம்பிய சீனிப்பாகு காற்றின் ஈரப்பதன் 84, 85 சதவீதம் அளவில் இருக்கும்போது தண்ணீரை இழக்கவும் மாட்டாது, எடுக்கவும் மாட்டாது. அதற்கு மேல் போனால் காற்றிலிருந்தே தண்ணீரை உறிஞ்சத் தொடங்கும். மழை இரவில் நம் ஊரில் ஈரப்பதன் அந்த எல்லையைச் சாதாரணமாகத் தாண்டும். சீனிப் போத்தல் மூடியைச் சரியாக மூடாவிட்டால் காலையில் சீனி கட்டிபட்டுக் கிடப்பதும் இதனால்தான். மூடாமல் வைத்த நிரம்பிய பாகு அப்படியொரு இரவில் நைசாகத் தண்ணீர் குடித்து நிரம்பாததாகிவிடும். ஏசி போட்ட அறையில் வைத்தாலோ எதிர்ப்பக்கம்: தண்ணீர் போகும், மேற்பரப்பில் மெல்லிய சீனித் தகடு படியும். இரண்டுக்கும் மருந்து ஒன்றே, கடைசி நிமிடம் வரை மூடி வையுங்கள். எறும்புக்கும் அதுவே மருந்து. இந்த வீட்டில் மூன்று குவளையும் தண்ணீர் ஊற்றிய தட்டுக்கு நடுவில், கோட்டைக்குள் ராஜாக்கள்போலத்தான் இரவு தங்குகின்றன!

ஒரு தடவை மாமி உதவி செய்கிறேன் பேர்வழி என்று மூன்றாவது பாகுக்குத் தேசிக்காய்ப் புளி இரண்டு துளி விடப் பார்த்தார். டீச்சர் போட்ட கூச்சல் ஹெந்தளைச் சந்திவரை கேட்டிருக்கும். பலகாரத்துக்குப் பாகு காய்ச்சும்போது தேசிக்காய் விடுவது பாகு பூத்துப்போகாமல் இருக்கத்தானே? சூட்டில் புளி சீனியின் ஒரு பகுதியை உடைத்துக் குளுக்கோசும் புறக்டோசும் ஆக்கிவிடும். அந்தப் பிற சீனிகள் குறுக்கே நின்று பளிங்கு கட்டுவதைக் கெடுக்கும். மாமியின் பலகாரத்துக்கு அது வரம், நம் பரிசோதனைக்கு அது நஞ்சு. கடையில் வாங்கும் சர்பத் போத்தலை வைத்து இந்தப் பரிசோதனையைச் செய்ய முயலாதீர்கள் என்று சொல்வதும் இதனால்தான். அதில் என்னென்ன சீனி எந்தெந்த அளவில் என்று நமக்குத் தெரியாது, கற்கண்டு தரும் தீர்ப்பும் குழம்பும்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்த வித்தை மேசையில் இல்லை, பிரிஜ்ஜுக்குள் இருக்கிறது. 100 கிராம் தண்ணீரில் 200 கிராம் சீனி கரைத்த ஒரே ஒரு போத்தல். 30 பாகை குசினியில் அதன் கொள்ளளவு 215, ஆகவே நிரம்பாதது. கற்கண்டு போட்டால் கரையும். நுவரெலியாவில் குளிரில்லாத ஒரு பகற்பொழுதில், 20 பாகை அளவில், கொள்ளளவு 200 ஐ ஒட்டி வரும். அங்கே அது கிட்டத்தட்ட நிரம்பியது. பிரிஜ்ஜுக்குள் 5 பாகையில் கொள்ளளவு 185 ஆகச் சுருங்கிவிடும். அங்கே அதே பாகு மிகைநிரம்பியது, மிகுதி 15 கிராம். ஒரு துளி சீனி சேர்க்கவில்லை, ஒரு துளி தண்ணீர் எடுக்கவில்லை, மூன்று பெயரும் ஒரே போத்தலுக்கு! ஆனால் பிரிஜ்ஜில் வைத்தவுடன் சீனி கொட்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். 200 ஐ 185 ஆல் வகுத்தால் 1.08, அமைதிப் பிரதேசம். நாட்கணக்கில் தெளிவாகவே இருக்கும், கற்கண்டைத் தொங்கவிட்டால் மட்டும் அது மெல்ல மெல்லத் தடிக்கும். குளிரில் எல்லாம் இன்னும் மந்தம் என்பதால் ஒரு கிழமையாவது பொறுக்க வேண்டும்.

நாளைக் காலை வருகிறவர்களுக்கு மேசையில் மூன்று கற்கண்டு, ஒரு டோர்ச், ஒரு வெப்பமானி வைத்திருக்கும். குவளைகளில் பெயர் ஒட்டியிருக்காது, அடியில் ஒளித்து வைத்த சீட்டில்தான் இருக்கும். வீட்டில் செய்து பார்க்கப்போகும் பிள்ளைகளுக்கு டீச்சர் சொன்னதை அப்படியே தருகிறேன்: கற்கண்டைப் போடுவதற்கு முன் வெப்பமானியைப் பாருங்கள், பார்த்த பாகையைச் சீட்டில் எழுதுங்கள். "நிரம்பிய கரைசல்" என்று மட்டும் எழுதிய சீட்டுக்குப் பாதிப் புள்ளிதான். "30 பாகையில் நிரம்பிய கரைசல்" என்று எழுதியதற்கே முழுப் புள்ளி.